ஆர்டரா, அனுப்பியதா, பணமா: விற்பனையை எந்தத் தேதியில் எழுதுவது?

கேள்வி: சார், ஆர்டர் உறுதியாகிப் பாதிப் பணமும் கைக்கு வந்தாச்சு. இந்த மாச விற்பனையில சேர்த்துடலாமா?

பதில்: கூடாது. சரக்கு இன்னும் உங்கள் கிடங்கில்தானே இருக்கிறது? கொடுக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவரை அது முன்பணம். நீங்கள் தரவேண்டிய பாக்கியோடுதான் நிற்கும்.

கேள்வி: அப்போ லாரியில ஏத்திப் பில் போட்ட அன்னிக்கே விற்பனை. நான் அப்படித்தான் எழுதுறேன், சரிதானே அண்ணே?

பதில்: பாதி சரி. வழியில் சரக்கு கெட்டால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். உங்கள் வாசலிலேயே அவர் பொறுப்பேற்றுக்கொள்வதாகப் பேச்சென்றால், ஏற்றிய அன்றே விற்பனை. அவர் இடத்தில் சேர்ப்பது உங்கள் பொறுப்பென்றால், அவர் இறக்கிக் கையெழுத்துப் போடும் நாள்தான். பில் தேதி இதை முடிவு செய்யாது.

வம்பெல்லாம் மாதக் கடைசியில்தான். 60,000க்கு வாங்கிய சரக்கை 80,000க்கு விற்கிறீர்கள், சேர்ப்பது உங்கள் பொறுப்பு. 30ஆம் தேதி ஏற்றியது 2ஆம் தேதி போய்ச் சேருகிறது. 30ஆம் தேதியே எழுதினால் 20,000 லாபம் ஒரு மாதம் முந்தி வருகிறது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. பில் போட்டவர் 80,000ஐ விற்பனையில் எழுத, இருப்பு எடுப்பவர் ‘லாரியில் போவதும் நம் சரக்குதானே’ என்று 60,000ஐ இருப்பிலும் சேர்த்துவிடுவார். அந்தச் சரக்கில் இந்த மாதம் வரவேண்டிய லாபம் ஒன்றுமில்லை, ஏட்டிலோ 80,000! இரண்டிலுமே விட்டுப்போனால் 60,000 நஷ்டமாகத் தெரியும். மாதத்தின் கடைசி நான்கைந்து டெலிவரி சலானையும் அடுத்த மாதத்தின் முதல் நான்கைந்தையும் எடுத்து, பில்லோடும் இருப்புப் பட்டியலோடும் ஒத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

கேள்வி: பணம் வந்தாத்தான் நான் எழுதுவேன். வராத பணத்துக்கு வரி கட்டச் சொல்றீங்களா?

பதில்: வரியைப் பற்றி நான் பேசவே இல்லையே! அது நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் சிறு வியாபாரிக்குப் பணம் வந்த பிறகு கணக்குக் காட்டும் வசதியும் உண்டு, உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். நான் சொல்வது நீங்கள் பார்த்து முடிவெடுக்கும் கணக்கு. 90 நாள் கடனுக்கு விற்றுவிட்டுப் பணம் வந்த பிறகுதான் எழுதுவீர்கள் என்றால், நன்றாக ஓடிய மாதம் கொள்முதல் மட்டும் ஏறி நஷ்டம் காட்டும், படுத்த மாதம் பழைய வசூலில் லாபம் காட்டும். அதை நம்பி எந்தச் சரக்கைக் குறைப்பீர்கள்? பணம் வரவே வராது என்று ஆனால் வாராக்கடன் என்று தனியே எழுதுங்கள். நடந்த விற்பனையை அழிக்காதீர்கள்.

கேள்வி: எங்க சரக்கைக் கடைக்காரங்க வித்தது போக மீதியைத் திருப்பி அனுப்புவாங்க. அதுக்கு?

பதில்: விற்றதற்கு மட்டும் பணம் என்றால், அந்தக் கடையில் கிடப்பது உங்கள் இருப்பு. அவர் விற்கும்போதுதான் உங்களுக்கு விற்பனை. மொத்தமாக வாங்கிவிட்டு, திருப்பும் உரிமை மட்டும் வைத்திருந்தால், வழக்கமாகத் திரும்பும் அளவைக் கழித்துவிட்டு மீதியை எழுதலாம்.

கேள்வி: புதுச் சரக்கு சார், எவ்வளவு திரும்பும்னே தெரியாது.

பதில்: நானாக இருந்தால் திருப்பும் கெடு முடியும்வரை எழுதமாட்டேன். அதே வகைப் பழைய சரக்கின் கணக்கை வைத்து ஒரு பங்கை எழுதலாம் என்பவர்களும் உண்டு. சரக்கைப் பார்க்காமல் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.