மொட்டைக் கடுதாசியை என்ன செய்ய? முறைகேட்டுப் புகார்க் கொள்கை: கேள்வி பதில்

கருங்கல் பக்கம், அண்டி ஆபீஸ் மேலாளர்: சாரே, எங்க முந்திரிப் பருப்பு வாங்குற வெளிநாட்டுக்காரன் விசில்ப்ளோயர் பாலிசி கேக்கான். நாலு வரி எழுதியிருக்கேன்: "முறைகேடு கண்டவர் தம் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். பழிவாங்கல் கூடாது. ரகசியம் முழுமையாகக் காக்கப்படும். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு." போதுமா?

போதாது. உங்க ஆபீஸையே வச்சுப் பாப்போம். தோல் உரிக்கிற பிரிவுல ஒரு அக்கா, தினமும் தன் எடையில 200 கிராம் குறைச்சு எழுதறாங்கன்னு கண்டுபிடிக்கிறார். எடை போடறது யார்? மேற்பார்வையாளர். உங்க முதல் வரிப்படி அவர் புகார் சொல்ல வேண்டியதும் அதே ஆள்கிட்டத்தான். அதனால குறைஞ்சது ரெண்டு வழி வேணும், ரெண்டாவது வழி முதல் ஆளுக்குக் கீழே வேலை செய்யாத ஒருத்தரா இருக்கணும். நான் இப்படி எழுதுவேன்: "மேலாளரிடம் சொல்லலாம். புகார் அவரைப் பற்றியோ அவர் பிரிவைப் பற்றியோ என்றால் நேரடியாகப் பங்குதாரர்களில் ஒருவரிடம் சொல்லலாம். வாயால் சொன்னாலும் புகார்தான். கேட்டவர் அதை எழுதி, தேதி போட்டு, 3 வேலை நாளுக்குள் ஒரு பிரதி தர வேண்டும்." வாயால் சொல்றதைச் சேர்க்கலைன்னா, எழுத்து வராத அக்காமாருக்கு அந்தக் கொள்கையில இடமே இல்லை.

இனி பழிவாங்கல். அந்த அக்காவை யாரும் வேலையை விட்டு நிறுத்த மாட்டாங்க. எடைக் கூலிக்காரரைத் தண்டிக்க அதைவிடச் சுலபமான வழி இருக்கு. சரியாக் காயாம தோல் ஒட்டிக்கிடக்கிற பருப்பா பாத்து அவர் தட்டுல கொட்டினாப் போதும். நாள் முழுக்கக் குனிஞ்சிருந்தாலும் எடை ஏறாது. இல்லாட்டி வாரத்துல ரெண்டு நாள் "இன்னிக்குச் சரக்கு இல்லை, போயிட்டு வா." இதுல கூலி மட்டும் போகலை. 6 மாசக் கணக்குல 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தாத்தான் இஎஸ்ஐயில நோய்க்காலப் படி. நாளைக் குறைச்சா அதுவும் போச்சு.

அதனால இதையெல்லாம் பேர் சொல்லியே எழுதுங்க: "வேலையை விட்டு நீக்குவது, பிரிவு மாற்றுவது, தரம் குறைந்த சரக்கைத் தொடர்ந்து ஒருவருக்கே கொடுப்பது, வேலை நாளைக் குறைப்பது, பிறரைப் பேச விடாமல் ஒதுக்குவது: எல்லாம் பழிவாங்கலே." கூடவே இன்னொரு வரி: "புகார் வந்து 6 மாதத்துக்குள் அவருடைய வேலையிலோ கூலியிலோ குறைவு வந்தால், அதற்கு வேறு காரணம் உண்டென்று நிர்வாகம்தான் எழுத்தில் காட்ட வேண்டும்." இந்த வரி இல்லாட்டி, மேலாளர் மனசுல என்ன இருந்துதுன்னு அந்த அக்காதான் நிரூபிக்கணும்.

"ரகசியம் முழுமையாக"ங்கிறதை எடுத்துடுங்க. போலீஸோ நீதிமன்றமோ கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். "விசாரிப்பவரையும் சட்டப்படி கேட்பவரையும் தவிர வேறு யாருக்கும் பெயர் சொல்லப்படாது" போதும். கடைசி வரியில "பொய்" மட்டும் இருந்தா, நிரூபிக்க முடியாததெல்லாம் பொய்னு ஆயிடும். "பொய் என்று தெரிந்தே கொடுத்தால்" ஆக்குங்க.

தக்கலை, கணக்காளர்: எங்க நிறுவனத்துக்கு இது கட்டாயமா?

கம்பெனிச் சட்டம் 2013, 177வது பிரிவு. பங்குச் சந்தையில பட்டியலான கம்பெனி, பொதுமக்கள்கிட்ட வைப்புத்தொகை வாங்கற கம்பெனி, வங்கியிலும் பொது நிதி நிறுவனத்திலும் 50 கோடிக்கு மேல கடன் உள்ள கம்பெனி: இவங்களுக்குக் கட்டாயம். கூட்டு வியாபாரத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. ஆனா வாங்கறவர் ஒப்பந்தத்துல கேட்டிருந்தா அது வேற கட்டாயம்.

குளச்சல், இல்லத்தரசி: எங்க ரேஷன் கடையில சீனி எடை குறையுது. இங்க புகார் எழுதலாமா?

இங்க இல்லைம்மா. வட்ட வழங்கல் அலுவலகத்துல கொடுங்க.

நாகர்கோவில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: பெயரில்லாப் புகாரை எடுக்கவே கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது.

பாதி சரி சார். நீங்க வேலை பாத்த மத்திய அரசுப் பக்கத்துல அப்படித்தான். நெடுஞ்சாலை ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதின பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பேரை வெளியிட வேண்டாம்னு கேட்டும் கடிதம் பல மேசைக்குப் போச்சு. 2003 நவம்பர்ல கயாவில சுட்டுக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் 2004ல வந்த தீர்மானப்படி புகார் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்குப் போகணும். உறை மேல அனுப்பறவர் பேர் இருக்கக் கூடாது, உள்ளே கடிதத்துல இருக்கணும். பேர் இல்லாட்டி எடுக்க மாட்டாங்க. 2014ல பாதுகாப்புச் சட்டம் ஒண்ணு நிறைவேறுச்சு, ஆனா அமலுக்குக் கொண்டுவரலை. இதெல்லாம் அரசுப் பணத்துக்கான ஏற்பாடு. தனியார் தன் கொள்கையில பேரில்லாப் புகாரை ஏத்துக்கிட்டா எந்தச் சட்டமும் தடுக்காது.

அதே அதிகாரி: வேண்டாதவன் தினம் ஒரு மொட்டைக் கடுதாசி போடுவான். நான் பாத்திருக்கேன்.

நானும் பாத்திருக்கேன். அதுல "மேலாளர் கள்ளன்"னு மட்டும் இருந்தா கோப்புல போட்டு மூடுங்க. "செவ்வாய் மதியம், மூணாவது மேசைத் தராசு, வெறுமையா இருக்கும்போதே மைனஸ் காட்டுச்சு"ன்னு இருந்தா யார் எழுதினா என்ன? தராசைப் போய்ப் பாக்கலாமே. கொள்கையிலயும் அதையே எழுதுங்க: "பெயர் இல்லாவிட்டாலும் சரிபார்க்கத்தக்க விவரம் இருந்தால் விசாரிக்கப்படும்."

மார்த்தாண்டம், தோல் உரிக்கிற பிரிவு: பேரு போடலன்னாலும் எங்க மேசையில பத்துப் பேருதான். மூணாவது தராசுன்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சுரும் அண்ணே.

வங்கி சாரும் நானும் பேசினதைவிட இது பெரிய விஷயம். அந்தத் தராசை மட்டும் போய்ப் பாத்தா உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான். எல்லா மேசைத் தராசையும் ஒரே நாள்ல, வருஷாந்திர முத்திரைக்கு முன்னாடி பாக்கற வழக்கமான சோதனைன்னு பாக்கணும். விசாரிக்கிறவர் பத்துப் பேரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேக்கணும். அப்படியும் சிலர் ஊகிப்பாங்க. அதை எந்த வரியாலும் தடுக்க முடியலை, மேலே சொன்ன அந்த 6 மாச வரிதான் கைகொடுக்கும்.

நாகர்கோவில் அதிகாரி: அப்போ மேலாளருக்கு என்ன பாதுகாப்பு?

விசாரணை முடியும்வரை அவர் பேரும் வெளியே போகக் கூடாதுன்னு எழுதணும். அவர் தரப்பை எழுத்துல வாங்கணும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப அற்பப் புகார் கொடுத்தா கண்டிக்கலாம்னு கம்பெனி விதியே இடம் தருது. ஆனா பேரில்லாம எழுதறவரைக் கண்டிக்க முடியாதே, அதுல நீங்க சொல்றதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை.

குழித்துறை: புகார்ப் பெட்டி எங்கே மாட்டலாம்?

கேமரா பாக்காத இடத்துல. சாவி யார் கையில? அதை முதல்ல சொல்லுங்க.

தோவாளை: பெட்டி வச்சாச்சு, சாவி மேலாளர்கிட்ட இருக்கு. சரிதானே?

மேல் பதிலைப் படிங்க. பங்குதாரர்கிட்ட, இல்லை வெளியாள்கிட்ட.

விளவங்கோடு, மாநில அரசு எழுத்தர்: நான் 2004 தீர்மானப்படி எழுதலாமா?

மாநில ஊழியர் மேல புகார்னா அந்த வழி இல்லை. ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போங்க.

திருவட்டாறு: "ரகசியம் முழுமையாக"ன்னு வச்சுக்கிட்டாத்தான் என்ன?

முதல் பதில், கடைசிப் பத்தி.

மார்த்தாண்டம், அதே அக்கா: எனக்கு ஏற்கெனவே நாள் குறைச்சுட்டாங்க. புதுக் கொள்கை எனக்குப் பொருந்துமா?

"இதற்கு முன் கொடுத்த புகாருக்கும் பொருந்தும்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க, மேலாளர் இங்கதான் இருக்கார். அதுவரை, வந்த நாள், திருப்பி அனுப்பின நாள், சொன்ன ஆள், கூட இருந்தவங்க எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வையுங்க. இஎஸ்ஐ கணக்குல எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்குன்னு பிள்ளைகளை விட்டு இணையத்துல பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, நோட்டோட தொழிலாளர் உதவி ஆய்வாளரைப் பாருங்க.