பித்தப்பை எடுத்த பிறகு பேதியும் அவசரமும்

"பித்தப்பை ஆபரேஷன் ஆகி நாலு மாசம். காலையில் சாப்பிட்டதும் தண்ணியாகப் போகிறது, அடக்கவே முடியவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறவே பயம். ஏன்?"

பித்த அமிலம் பெருங்குடலுக்குள் அதிகம் இறங்குவது காரணமாக இருக்கலாம். முன்பு இரவில் சுரக்கும் பித்தம் பையில் தங்கும். இப்போது அது குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பிவிடும். மிஞ்சுவது கூடிப்போனால் பெருங்குடல் நீரைச் சுரக்கும், வேகமாகவும் சுருங்கும். அந்த அவசரம் அதனால்தான்.

டாக்டரிடம் கொலஸ்டிரமின் பவுடர் பற்றிக் கேளுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாளில் பேதி அடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் அதையும் பிடித்துக்கொள்ளும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.