கடத்திக்குள் விழுந்த ஏற்றம் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கும்? கேள்வி பதில்

இன்றைக்கு ஒரே விடயம்தான். கடத்திக்குள் மேலதிகமாக ஏற்றம் வைத்தால் அது எவ்வளவு வேகமாக மேற்பரப்புக்குப் போய்ச் சேரும்? இதற்கு வெளியே கேட்பவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மல்லாவி, உயர்தர மாணவி: சேர், கடத்திக்குள்ளே ஏற்றம் நிற்காது, மேற்பரப்புக்குப் போய்விடும் என்று படிப்பித்தார்கள். போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நல்ல கேள்வி பிள்ளை. மூன்று விடயம் கையில் இருந்தால் போதும். ஒரு இடத்தில் ஏற்ற அடர்த்தி ρ என்றால், கவுசின் தேற்றப்படி அங்கிருந்து விரிந்து போகும் புலம் ρ/ε, இங்கே ε என்பது பொருளின் அனுமதித்திறன். ஓமின் விதிப்படி ஓட்டம் புலத்தையும் கடத்துதிறன் σ ஐயும் பெருக்கியது, ஆகவே அந்த இடத்தை விட்டு வெளியேறும் ஓட்டம் σρ/ε. வெளியேறியது எவ்வளவோ அவ்வளவு உள்ளே குறைய வேண்டும், ஏற்றம் காணாமல் போக முடியாதே. இருப்பதன் அளவுக்கு ஏற்றபடி குறைகிற எதுவும் அடுக்குக்குறியாகத்தான் குறையும்:

```
ρ(t) = ρ₀ e^(−t/τ),   τ = ε/σ
```

வீட்டுக் கிணற்றையே எடு. கொஞ்சம் உவர் கலந்த கிணற்று நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு 0.1 சீமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் ε வெற்றிடத்தை விட 80 மடங்கு, அதாவது 7.1 × 10⁻¹⁰. வகுத்துப் பார்த்தால் 7 நனோசெக்கன். அவ்வளவு நேரத்தில் ஏற்றம் 37 வீதத்துக்கு இறங்கும், அதைப்போல ஐந்து மடங்கு நேரம் போனால் ஒரு வீதம்கூட மிஞ்சாது. முல்லைத்தீவுக் கடல்நீர் என்றால் σ கிட்டத்தட்ட 5, நேரம் 0.14 நனோசெக்கன்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்றைக்குப் பலமுறை சொல்வேன் போல இருக்கிறது: ε₀ மட்டும் போட்டு வகுக்காதே. தண்ணீருக்கு அந்த 80 ஐ விட்டால் விடையும் 80 மடங்கு பிழைக்கும்.

புதுக்குடியிருப்பு, தொழில்நுட்பக் கல்லூரி மாணவன்: அப்ப பெரிய தாங்கி என்றால் நடுவிலிருந்து கரைக்குத் தூரம் கூடத்தானே? கம்பிக்குள் இலத்திரன் நகர்வது நத்தை வேகம் என்று படித்தோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் மணித்தியாலக் கணக்கு வருகிறதே.

தம்பி, நகர்வு வேகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நடுவில் வைத்த அதே இலத்திரன் கரைவரை போக வேண்டும் என்று நினைப்பதுதான் பிழை. நெரிசலான பேருந்தின் நடுவில் ஒரு ஆளை ஏற்றினால் எல்லோரும் அரையடி நகர்ந்து, வாசலில் நின்றவர் மிதிபலகைக்கு வந்துவிடுகிறார். நடுவில் ஏறியவர் வாசலைக் காணவே மாட்டார்.

கணக்காகப் பார். ஒரு கோளத்தின் மையத்தில் q ஏற்றம். r ஆரையுள்ள மெல்லிய கோள ஓடு ஒன்றைக் கற்பனை செய். அங்கே புலம் q/4πεr², ஓட்டின் பரப்பு 4πr². பெருக்கினால் அதைக் கடக்கும் மொத்த ஓட்டம் σq/ε. r வெட்டுப்பட்டுப் போகிறது, அதுதான் விடயம். எந்த ஓட்டிலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம், ஆகவே இடைப்பட்ட பகுதியில் ஏற்றம் சேர்வதே இல்லை. மையத்தில் குறையக் குறைய மேற்பரப்பில் அதே நேரத்தில் கூடுகிறது. பொட்டு பரவி அகலமாகி ஊர்ந்து போவதில்லை, வைத்த இடத்திலேயே மங்குகிறது. ஆகவே τ இல் அளவு வராது. தேநீர்க் கோப்பையும் இரணைமடுக் குளமும் ஒன்றுதான், நீரின் σ ஒன்றாக இருந்தால்.

ஒட்டுசுட்டான்: அண்ணா, எனக்குப் போனில் சார்ஜ் இரவோடு இரவாக இறங்குகிறது, இதுவும் இந்தக் கசிவுதானா?

இல்லை. போன் கடையில் காட்டுங்கள்.

மாங்குளம், உயர்தர மாணவன்: சேர், செம்புக்குப் போட்டால் 1.5 × 10⁻¹⁹ செக்கன் வருகிறது. சரிதானே?

செம்புக்கு ε₀ போட்டிருக்கிறாய், வகுத்தல் சரி. விடையை நம்பாதே. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் 0.045 நனோமீற்றர், செம்பில் ஒரு அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் உள்ள இடைவெளியே 0.25 நனோமீற்றருக்கு மேல். ஏதோ இடிக்கிறது என்று அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

வவுனியா, மின் பொறியியலாளர்: இதில் நான் உடன்படவில்லை. சமன்பாடு சரி, σ அளந்த பெறுமானம், ε தெரியும். இடிப்பது ஒளியின் வேகம் என்றால் அதே இடிப்பு கடல்நீருக்கும் வரும். 0.14 நனோசெக்கனில் ஒளி 4 சென்ரிமீற்றர்தான் போகும். ஒரு மீற்றர் தாங்கியின் கரையில் அதற்குள் ஏற்றம் எப்படி வந்தது? அதை ஏற்றால் செம்பையும் ஏற்க வேண்டும்.

இப்படி ஒருவர் வரமாட்டாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல்நீர் பற்றிய பாதி முழுக்கச் சரி. அங்கே ஒளிக்கு எந்த அவமானமும் இல்லை, ஏனென்றால் t = 0 இல் ஏற்றம் உள்ளே இருக்கிறது என்று சொல்லும்போதே அதன் புலம் தாங்கி முழுவதும் ஏற்கெனவே விரிந்திருக்கிறது என்று சேர்த்துத்தான் சொல்கிறோம். கரையில் இருக்கும் அயன் நடுவிலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்கவில்லை, தான் நிற்கும் இடத்துப் புலத்துக்கு நகர்கிறது. ஏற்றத்தைத் திடீரென்று உள்ளே கொண்டுவந்து போட்டால் கதை வேறு, அப்போது புலம் பரவ எடுக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செம்பு வேறு காரணத்தால் இடிக்கிறது, ஒளித் தூரத்தை ஒரு மணியாகத்தான் அடித்தேன். ஓமின் விதி என்பது இலத்திரன்கள் பலமுறை மோதி, சராசரி வேகம் ஒன்றுக்கு வந்த பிறகு உண்மையாவது. செம்பில் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 2.5 × 10⁻¹⁴ செக்கன். நீங்கள் சொல்லும் τ அதைவிட ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. மோதலே நடக்காத நேரத்துக்கு மோதலால் வந்த σ ஐப் போட்டு வகுக்கிறீர்கள். இலத்திரனுக்குத் திணிவு இருக்கிறது, புலம் வந்தவுடன் ஓடாது, முடுக வேண்டும். அந்தத் திணிவைச் சேர்த்து எழுதினால்:

```
ρ″ + ρ′/τc + (σ/ετc) ρ = 0
```

இது அலைவுச் சமன்பாடு. τc என்பது அந்த மோதல் இடைவெளி. செம்பின் இலக்கங்களைப் போட்டால் கோண மீடிறன் செக்கனுக்கு 1.6 × 10¹⁶ ரேடியன். வீச்சு 37 வீதத்துக்கு இறங்க 2τc, அதாவது 5 × 10⁻¹⁴ செக்கன் எடுக்கும். அதற்குள் ஏற்றம் நூற்றுக்கு மேற்பட்ட தடவை அங்குமிங்கும் ஊசலாடுகிறது.

வவுனியா, மின் பொறியியலாளர்: அப்படியென்றால் செம்பில் கடத்துதிறனே தேவையில்லை என்கிறீர்கள். σ கூடினால் வேகமாக வடியும் என்று அத்தனை பாடத்திலும் இருப்பது?

நல்ல உலோகத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. மோதல் குறைந்தால் σ கூடும், ஆனால் ஊசல் அடங்கவும் கூடுதல் நேரம் எடுக்கும். தண்ணீர், எண்ணெய், கண்ணாடி இவற்றுக்கெல்லாம் பாடம் சொல்வது அப்படியே சரி. சோதிப்பது எளிது: ε/σ ஐக் கணக்கிட்டு மோதல் இடைவெளியோடு ஒப்பிடுங்கள், பெரிதாக இருந்தால் நம்புங்கள்.

வவுனியா, மின் பொறியியலாளர்: ஊசலாட்டத்தை ஏற்கிறேன். பரீட்சைத் தாளில் 10⁻¹⁹ எழுதாதவனுக்குப் புள்ளி போகும், அதற்கு யார் பொறுப்பு? தவிர, அணு அளவுப் பொட்டுக்கு உங்கள் சமன்பாடும் நிற்காதே.

இரண்டாவது சரி, அந்த அளவுக்கு இறங்கினால் குவாண்டக் கணக்கு வேண்டும், இங்கே அதைத் தொடங்க மாட்டேன். முதலாவதை நீங்களும் நானும் பேசித் தீர்க்க முடியாது.

கனகராயன்குளம்: சேர் அலுமினியத்துக்கு எவ்வளவு?
நெடுங்கேணி: இரும்புக்கு?

மேலே படியுங்கள். உலோகம் எல்லாம் ஒரே கதை.

பூநகரி, தோட்டக்காரர்: தம்பி, எனக்குச் சமன்பாடு தெரியாது. தண்ணீர் இறைக்கிற மோட்டருக்கு மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன். கானில் நிரப்பும்போது ஒருமுறை சுள்ளென்று அடித்தது. எண்ணெயில் கரண்டு எங்கிருந்து வந்தது?

அண்ணை, இன்றைய கேள்விகளில் உயிரோடு சம்பந்தப்பட்டது இதுதான். எண்ணெய் குழாயிலும் வடியிலும் உரசி ஓடும்போது ஏற்றம் பிரிகிறது, ஒரு வகை குழாய்ச் சுவரில் தங்க மற்றது எண்ணெயோடு கானுக்குள் வருகிறது. தண்ணீர் என்றால் கண் மூடித் திறக்க முன் வடிந்துவிடும். நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெயின் கடத்துதிறன் மீற்றருக்கு ஒரு பிகோசீமன்ஸ் அளவிலும் இருக்கும், ε வெற்றிடத்தைப்போல 2.1 மடங்கு. வகுத்தால் 18.6 செக்கன். ஒரு நிமிடம் போனாலும் நூற்றில் நாலு மிஞ்சும். கடத்துதிறனைக் கூட்டும் மருந்து சேர்த்து 50 பிகோசீமன்ஸ் ஆக்கினால் அது அரைச் செக்கனுக்கும் கீழே வந்துவிடும், விமான எரிபொருளுக்கு அதைச் செய்கிறார்கள்.

ஆனால் எண்ணெய்க்குள் வடிந்தது கானின் சுவருக்குத்தான் வருகிறது, நிலத்துக்கு அல்ல. தகரக் கானை இறப்பர் விரிப்பிலோ வாகனத்தின் பிளாஸ்ரிக் தட்டிலோ வைத்திருந்தால் அந்த ஏற்றம் முழுவதும் கானின் வெளிப்புறத்தில் உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். அங்கிருந்து நிலத்துக்குப் போக எடுக்கும் நேரம் ε/σ அல்ல, கானின் கொள்ளளவமும் நிலத்துக்கான தடையும் சேர்ந்து முடிவு செய்வது. ஆகவே தகரக் கானை வெறும் நிலத்தில் வையுங்கள், குழாயின் வாயைக் கானின் விளிம்பில் தொட்டபடி பிடியுங்கள், மெதுவாக விடுங்கள். பெற்றோல் இருந்த கானில் மண்ணெண்ணெய் வாங்கவே வேண்டாம். பெற்றோல் ஆவி நிறைந்த கான் தனியே எரிய முடியாத அளவு தடிப்பாக இருக்கும், மண்ணெண்ணெய் அந்த ஆவியை உறிஞ்சி, பற்றிக்கொள்ளும் அளவுக்குக் குறைத்துவிடும். பொறியும் அதே நேரத்தில்தான் வரும்.

கிளிநொச்சி, எரிபொருள் பவுசர் சாரதி: நாங்கள் தாங்கியில் அளவுகோல் இறக்க முதல் காத்திருப்போம். ஆனால் மீற்றர் வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சுத்தமான எண்ணெயில் கணக்கை விட வேகமாக இறங்குகிறது என்கிறார்கள். உங்கள் சூத்திரம் பிழையா?

சரியாகப் பிடித்தீர்கள். அவ்வளவு சுத்தமான எண்ணெயில் அயனே மிகக் குறைவு, அங்கே மேலதிக ஏற்றம்தான் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. அப்போது σ மாறிலி அல்ல, ஏற்றம் கூட இருக்கும்போது வேகமாகவும் குறைந்த பிறகு மெதுவாகவும் வடியும். அந்தக் கடைசி மெதுவை எண்ணித்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள், குறைக்க வேண்டாம்.

முறிகண்டி: சேர், செம்புக்கு ε என்ன போட வேண்டும்?

மேலே!

பரந்தன்: அப்ப பிளாஸ்ரிக் கானைப் பைக்கில் கட்டியபடியே நிரப்பி, ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு மூடலாம்தானே?

இல்லை. பொறி நிரப்பும்போதே வந்துவிடலாம், பிறகு பொறுத்து என்ன பயன். பிளாஸ்ரிக் தானே காவலி, அதன் சுவரில் ஏறியது ஒரு நிமிடத்தில் போகாது, நிலத்தில் வைத்தாலும் முழுதாகப் போகாது. அனுமதிக்கப்பட்ட கான் என்றாலும் இறக்கி நிலத்தில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அவிழ்த்துக் கட்டுவது கரைச்சல் என்று எனக்கும் தெரியும்.