58 செ.மீ.-இல் அணைந்த லேசர்: இரண்டு குழியாடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகத் திறந்த கேவிட்டி ஹீலியம்-நியான் லேசர் ஒன்றை ரயிலில் பொருத்தியிருக்கிறேன். ஒரு குழியாடியின் வளைவு ஆரம் 60 செ.மீ., மற்றதற்கு 100 செ.மீ. குழாய் நீளம் 30 செ.மீ., துளையின் விட்டம் 1.2 மி.மீ. 100 செ.மீ. ஆடியிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குழாய் தொடங்குகிறது. ஆடிகள் 45 செ.மீ. இடைவெளியில் இருந்தபோது நன்றாக எரிந்தது. 60 செ.மீ. ஆடியை மெல்ல நகர்த்தினேன். 58-இல் மங்கி, 59 வருமுன் அணைந்துவிட்டது. 75, 90, 120 எல்லாவற்றிலும் மறுபடி அலைன் செய்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இரண்டு ஆரங்களையும் கூட்டினால் 160 வருகிறது, அதுவரை எரிய வேண்டாமா?

பதில்: 75-இலும் 90-இலும் நீங்கள் எவ்வளவு திருகினாலும் எரியாது. 120-இல் எரியும், ஆனால் நீங்கள் நகர்த்தியது தப்பான ஆடி. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்பதால் தனித்தனியாகவே பார்ப்போம்.

160 என்பது கடைசி எல்லை மட்டுமே. அதற்குள் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வோர் ஆடிக்கும் ஓர் எண் கணக்கிட வேண்டும்:

```
g1 = 1 - L/R1
g2 = 1 - L/R2
0 < g1*g2 < 1   (நிலையானது)
```

L என்பது ஆடிகளுக்கு இடையிலான தூரம். குழியாடிக்கு R கூட்டல் குறி, குவியாடிக்குக் கழித்தல் குறி. சமதள ஆடிக்கு g எப்போதும் 1. உங்கள் 45 செ.மீ.-க்கு g1 = 0.25, g2 = 0.55. பெருக்கினால் 0.1375, பிரச்சினை இல்லை. 75-இல் g1 = -0.25, g2 = +0.25. பெருக்குத்தொகை -0.0625. பூஜ்யத்துக்குக் கொஞ்சம்தானே கீழே என்று தோன்றும். ஆனால் அந்தக் குறி மாறியதே போதும். 60-ஐத் தாண்டியதும் முதல் g கழித்தலாகிவிடுகிறது. இரண்டாவது g கழித்தலாக 100-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே 60-க்கும் 100-க்கும் நடுவே ஒன்று கூட்டல், மற்றது கழித்தல், பெருக்குத்தொகை எங்கேயும் தேறாது. 100-ஐத் தாண்டியபின் இரண்டும் கழித்தல், பெருக்கினால் மறுபடி கூட்டல். 160-இல் அது சரியாக 1 ஆகிறது, அதோடு முடிந்தது. ஆரங்கள் சமமாக இல்லாத இரண்டு குழியாடிகளுக்கு இப்படி ஒரு பள்ளம் உண்டு என்பதை 1962-லேயே பெல் ஆய்வகத்தில் பாய்டும் கோகல்னிக்கும் எழுதிவிட்டார்கள்.

சூத்திரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் தாளில் ஒரு கோடு போடுங்கள். 60 செ.மீ. ஆடியை 0-இல் வையுங்கள். அதன் வளைவு மையம் 60-இல். இது முதல் துண்டு. மற்ற ஆடி 75-இல் இருந்தால் அதன் மையம் 100 செ.மீ. பின்னால், அதாவது -25-இல் விழும். இரண்டாவது துண்டு -25 முதல் 75 வரை. இரண்டாவது முதலாவதை முழுதாக விழுங்கிவிட்டது, விழுங்கினால் நிலையற்றது. 45-இல் இரண்டாவது துண்டு -55 முதல் 45 வரை. 120-இல் 20 முதல் 120 வரை. இரண்டு இடத்திலும் துண்டுகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் நிலையானவை. துண்டுகள் தொடாமல் பிரிந்துபோனாலும் நிலையற்றதே. அது 160-க்கு மேல். புது ஆடி வாங்குமுன் இந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நிலையற்றது என்றால் கொஞ்சம் மங்கலாகவாவது எரியக்கூடாதா? 75-இல் கதிர் ஒருமுறை போய்த் திரும்பும்போது அதன் அகலம் சுமார் 1.64 மடங்கு ஆகிறது. பரப்பில் அது 2.7 மடங்கு, துளைக்குள் திரும்பி வருவது ஏறக்குறைய 37 விழுக்காடுதான், மீதி 63 விழுக்காடு வெளியே போய்விடும். உங்கள் குழாயின் பெருக்கமோ ஒருமுறை கடக்கும்போது சில விழுக்காடு மட்டுமே. பெருக்கம் மிகவும் அதிகமுள்ள சில லேசர்களில் வேண்டுமென்றே நிலையற்ற கேவிட்டியை வைப்பார்கள். ஹீலியம்-நியானுக்கு அந்த வசதி கிடையாது.

அப்படியானால் 60 வரை எரிய வேண்டியது ஏன் 58-இலேயே மங்கியது? பெருக்குத்தொகை சொல்வது எல்லையை மட்டும்தான். எல்லையை நெருங்கும்போது கதிர் எவ்வளவு பருக்கிறது என்பதை அது சொல்லாது; அதை உங்கள் துளைதான் தீர்மானிக்கிறது. 45-இல் கதிரின் மிக ஒல்லியான இடம், அதாவது அதன் இடை, 100 செ.மீ. ஆடிக்கு 10 செ.மீ. பக்கத்தில் இருக்கிறது. குழாயின் தூர முனையில், அதாவது 60 செ.மீ. ஆடியைப் பார்த்த முனையில், கதிர் ஆரம் 0.32 மி.மீ. துளையின் ஆரம் 0.6 மி.மீ. என்பதால் அங்கே உரசி இழப்பது 0.1 விழுக்காடுகூட இல்லை. 58-இல் அதே முனையில் கதிர் ஆரம் 0.40 மி.மீ. ஆகி இழப்பு 1.2 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. 59-இல் 0.47 மி.மீ., இழப்பு 3.6 விழுக்காடு. நீங்கள் பார்த்த மங்கலும் அணைப்பும் இதுதான். அலைன்மென்ட் போனதால் அல்ல. கையால் சரிபார்க்க ஒரு சுலப அளவுகோல்: துளையின் விட்டம், குழாய்க்குள் கதிர் மிகவும் பருத்திருக்கும் இடத்தில் உள்ள கதிர் ஆரத்தைப் போல் 3 மடங்குக்குக் குறைந்தால் ஆபத்து, மூன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி.

இனி 120. g1 = -1, g2 = -0.2, பெருக்கினால் 0.2. வடிவக்கணக்குப்படி நல்ல இடம். ஆனால் பள்ளத்தைத் தாண்டியதும் கதிரின் இடை பக்கம் மாறிவிடுகிறது: இப்போது அது 60 செ.மீ. ஆடியிலிருந்து 30 செ.மீ.-இல். இடையில் கதிர் ஆரம் 0.25 மி.மீ., 60 செ.மீ. ஆடியில் 0.35, ஆனால் 100 செ.மீ. ஆடியில் 0.78 மி.மீ. நீங்கள் 60 செ.மீ. ஆடியை இழுத்துக்கொண்டு போனதால் குழாய் அந்தப் பருத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டது. 100 செ.மீ. ஆடிப்பக்க முனையில் கதிர் ஆரம் சுமார் 0.74 மி.மீ.; கால்பங்குக்கு மேல் ஒளி துளையின் சுவரில் போய்விடும். எத்தனை மணி நேரம் திருகினாலும் வராது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் 45-க்குத் திரும்பி லேசரை எரியவிடுங்கள். இந்த நிலையில் குழாய் 60 செ.மீ. ஆடியிலிருந்து 10 முதல் 40 செ.மீ. வரை இருக்கிறது, அந்த ஆடியையும் குழாயையும் இனித் தொடாதீர்கள். 60 செ.மீ. ஆடிக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை லேசரை உள்ளே விடுங்கள். சிவப்புக்கென்று பூசிய ஆடி பெரும்பாலும் பச்சையை ஓரளவு உள்ளே விட்டுவிடும். மறுபக்கம் வெளிவரும் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் பக்கத்திலும் தூரச் சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை பச்சையைச் சரிசெய்யுங்கள். இப்போது 100 செ.மீ. ஆடியை ரயிலோடு 120-க்குத் தள்ளுங்கள். வழியில் லேசர் அணையும், பதற வேண்டாம். பச்சைக் கதிர் அந்த ஆடியில் பட்டு மீண்டும் துளைக்குள்ளேயே திரும்பும்படி இரண்டு திருகுகளையும் சரிசெய்து, பிறகு செங்குத்துத் திருகை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே கிடைத்திருகைக் கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். சிவப்பு ஒரு கணம் மின்னும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதிர் வழியே கண்ணை வைத்துத் தேடக்கூடாது. வெள்ளைத் தாளில் பார்த்தால் போதும்.

120-இல் இந்தக் குழாயின் முனைகளில் கதிர் ஆரம் 0.3 மி.மீ.-க்குள் இருக்கும், உரசல் இழப்பு கண்டுகொள்ள வேண்டாத அளவு. அங்கிருந்து 105 வரை கீழே வரலாம். மேலே போனால் 140-இல் மறுபடி ஒரு விழுக்காடு இழப்பு தொடங்கும், 150-இல் அது ஐந்தைத் தொடும். ஆக உங்கள் கையிலுள்ள துளைக்கு இரண்டாவது மண்டலம் 160 வரை அல்ல, ஏறத்தாழ 140 வரைதான். அறிக்கையில் இரண்டு எல்லைகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். தேர்வாளர் கேட்கப்போவதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

இரண்டு அளவுகளில் ஏமாறாதீர்கள். ஆடியின் உறையில் உள்ள எண் வளைவு ஆரமா, குவியத்தூரமா என்று பாருங்கள். ஆரம் என்பது குவியத்தூரத்தின் இருமடங்கு. சந்தேகம் இருந்தால் வெள்ளை அட்டையில் ஒரு சிறிய எல்.இ.டி.-யை ஒட்டி ஆடியின் முன் பிடித்து நகர்த்துங்கள். எல்.இ.டி.-யின் பிம்பம் அதே அட்டையில், அதன் பக்கத்திலேயே கூர்மையாக விழும் தூரம்தான் ஆரம். அடுத்தது L. ரயில் தாங்கியின் விளிம்பிலிருந்து அல்ல, பூச்சுள்ள முகத்திலிருந்து முகத்துக்கு அளக்க வேண்டும். ஆடி வளையத்துக்குள் சில மி.மீ. உள்வாங்கியிருக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. தப்பும். 58-க்கும் 59-க்கும் நடுவே என்ன நடந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. இரவில் ஆய்வுக்கூடக் குளிரூட்டியை அணைத்துவிடுவார்கள். காலையில் புரூஸ்டர் சன்னல்களிலும் ஆடிகளிலும் ஈரப்படலமோ அழுக்கோ படிந்திருக்கலாம். ஒரு விழுக்காடு இழப்பு கூடினாலே எல்லை ஓரத்தில் நிற்கும் லேசர் அணைந்துவிடும். எப்படிப் பிரித்தறிவது? 45-இல் வழக்கமான ஒளி வருகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயே மங்கலாக இருந்தால் துடைக்க வேண்டியது கண்ணாடியை, திருத்த வேண்டியது கணக்கை அல்ல.

தூரத்துக்கு எதிரான ஒளித்திறன் வரைபடம் நடுவில் அறுந்துபோகாமல் வேண்டும் என்றால் 60 செ.மீ. ஆடிக்குப் பதில் சமதள ஆடி கேளுங்கள். அப்போது g1 எப்போதும் 1, பெருக்குத்தொகை 100 வரை தொடர்ந்து கூட்டலாகவே இருக்கும். இடையும் எப்போதும் சமதள ஆடியின்மேலேயே நிற்கும் என்பதால் குழாயை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஆரமுள்ள இரண்டு ஆடிகள் என்றால் பள்ளம் மறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். தாளில் மறையும். உறையில் 60 என்று போட்ட இரண்டு ஆடிகள் ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் 59.4-ஆகவும் 60.6-ஆகவும் இருந்தால், அந்த 12 மி.மீ.-க்குள் நிறுத்தும்போது அதே பள்ளம்தான்.