ஸ்தோ லாத் பாடும்போது

அன்புள்ள ஐயா,

கிராக்கோவில் படிக்கிறேன். டிசம்பர் 4 மாலை எங்கள் வீட்டுக்கார அம்மா பானி பார்பராவின் வீட்டில் ஒரே கூட்டம். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிறந்தநாள் என்று நினைத்து வயதைக் கேட்டுவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். பெயர் நாளாம். அப்புறம் எழுந்து நின்று ‘ஸ்தோ லாத்’ பாடினார்கள். நூறு வருஷம் என்று அர்த்தமாம். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இன்னும் முப்பதுதான் என்று சொல்வது போல இல்லையா? உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்? வெறுங்கையோடு போனது வேறு உறுத்துகிறது.

வாசகி, கிராக்கோ
டிசம்பர் 7

அன்புள்ள வாசகிக்கு,

டிசம்பர் 4 புனித பார்பராவின் திருநாள். போலந்தில் அந்தப் பெயருள்ள பெண்கள் பெரும்பாலும் அன்றுதான் ‘இமியெனினி’, அதாவது பெயர் நாள், கொண்டாடுவார்கள். பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதர் என்பதால் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளிலும் அன்று பெரிய விழா. சுவரில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே அன்றைய பெயர்கள் அச்சாகியிருக்கும், காலையில் வானொலியிலும் சொல்வார்கள். பிறந்தநாளை ஒருவர் சொன்னால்தான் தெரியும். பெயர் நாள் அப்படியில்லை, பெயர் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் பழைய வழக்கப்படி இதற்கு அழைப்பு கிடையாது. நினைவிருப்பவர்கள் வருவார்கள், வீட்டுக்காரர் கேக்கும் ஹெர்ரிங் மீனும் வோட்காவும் எடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அலுவலகங்களில் பெயருக்குரியவரே இனிப்பு வாங்கிக்கொண்டு போவார்.

யான், மரியா போன்ற பெயர்களுக்கு வருடத்தில் பல நாட்கள் உண்டு. பொதுவாகத் தன் பிறந்தநாளுக்கு அடுத்து வருவதை எடுத்துக்கொள்வார்கள். அங்கே காலண்டர் மட்டும் போதாது, எந்த மரியா எந்த நாளை வைத்திருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். சரியான நாளில் வந்து நிற்பதே, ‘உன்னை எனக்குத் தெரியும்’ என்று சொல்வதுதான்.

வயது என்பது இந்த நாளில் எங்குமே வராது. நீங்கள் கேட்டதும் சிரித்தது அதனால்தான். இருபது வயதுப் பெண்ணுக்கும் இதே நூறுதான், கல்யாண வீட்டில் மணமக்களுக்கும் இதே பாட்டுதான். ஆனால் உங்கள் கணக்கு போலந்துக்காரர்களுக்கும் தோன்றாமல் இல்லை. தொண்ணூறைத் தாண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தால் யாராவது ஒருவர் ‘த்வியெஷ்சியே லாத்’, அதாவது இருநூறு வருஷம் என்று மாற்றிப் பாடிவிடுவார்.

பாட்டில் இன்னொரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பெயர் நாளுக்குப் பாடுகிறார்கள், ஆனால் பெயரே வராது. ‘நூறாண்டு, நூறாண்டு, நமக்காக வாழட்டும்’ என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வாழப்போவது பார்பரா, ஆனால் கேட்பவர்கள் தங்களுக்காகக் கேட்கிறார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவருக்கு எத்தனை வருஷம் மிச்சம் என்பதல்ல, இந்த மேஜையில் அவர் இல்லாமல் முடியாது என்பதே பேச்சு. (சில வீடுகளில் இதோடு இன்னொரு பாட்டும் சேரும். நம்மோடு குடிக்காதவன் மேஜைக்கு அடியில் தூங்கட்டும் என்று அது முடியும். அதற்கும் ஆழமான பொருள் தேடாதீர்கள்.)

எனக்குப் பாட்டைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வாசலருகே நடப்பது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்க் கையைப் பிடித்து, பூவைக் கொடுத்து, கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்துவார்கள். முதலில் வருவது எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு: ஆரோக்கியம், மகிழ்ச்சி, நல்வாழ்வு. அது முடிந்ததும் பெரும்பாலும் கையை விடாமல் இன்னும் ஒரு வாக்கியம் சொல்வார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவரிடம், ‘கோடையில் நாம் மலைக்கு நடந்து போக வேண்டும்’ என்பார்கள். மகன் வெளிநாட்டில் இருந்தால், ‘கிறிஸ்துமஸுக்கு அவன் வரட்டும்’ என்பார்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் நல்ல கணவன் கிடைக்கட்டும் என்று சொல்லும் அத்தைகளும் உண்டு, அந்தப் பெண்ணின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். விருந்தினர் உண்மையில் என்ன சொல்கிறார் என்பது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வாய்ப்பாட்டோடு நிறுத்திவிட்டால், மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

போலந்து முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மேல் சிலேசியாவிலும் கஷூபியப் பகுதியிலும் பிறந்தநாள்தான் பெரிது. மற்ற ஊர்களிலும் உங்கள் வயதுக்காரர்கள் பிறந்தநாள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பானி பார்பராவின் தலைமுறை விடவில்லை.

வெறுங்கை விஷயத்துக்கு வழி இருக்கிறது. பழைய வழக்கத்தில் பெயர் நாள் வாழ்த்துக்கு எட்டு நாள் அவகாசம் உண்டு, திருச்சபையின் எட்டு நாள் விழாக் கணக்கிலிருந்து வந்தது. 11ஆம் தேதிக்குள் போய்விடுங்கள். பூ ஒற்றைப்படையில் இருக்கட்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. சாமந்தி வேண்டவே வேண்டாம், அது நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைப்பது. பூவைக் கொடுக்கும்போது அந்த வாய்ப்பாட்டைத் தட்டுத்தடுமாறியாவது போலிஷில் சொல்லுங்கள். கடைசி வாக்கியம் எந்த மொழியில் வந்தாலும் பரவாயில்லை.