பிரெய்ல் அச்சுக்குக் கோப்பைத் தயார் செய்தல்: கேள்வி பதில்

கேள்வி (சிறப்புப் பள்ளி ஆசிரியை): பிரெய்லுக்கு மாற்றி எனக்கு வந்த .brf கோப்பை ஏ4 தாளில் அச்சிட்டேன். ஒரு முழு வரி, அடுத்து ஏழெட்டுக் கட்டத்தில் ஒரு துண்டு வரி என்று மாறி மாறி வருகிறது. பாதித் தாள் காலியாகவும் போகிறது. இயந்திரம் பழுதா?

பதில்: இயந்திரத்தின் மேல் பழி இல்லை, அம்மா. கோப்பு 40 கட்டம், 25 வரிக்கு அமைக்கப்பட்டது. அது பதினொன்றரை அங்குல அகலத் தாளின் கணக்கு. ஆறு புள்ளிகள் அடங்கும் ஒரு கட்டம் ஏறக்குறைய 6 மி.மீ. பிடிக்கும். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; ஓரம் விட்டால் 30 முதல் 32 கட்டந்தான் கிடைக்கும். மிஞ்சியதெல்லாம் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. இருபத்தைந்து வரி ஐம்பதை நெருங்கித் தாளைத் தாண்டிப் போகிறது. அதன் பிறகே கோப்பிலுள்ள பக்க முறிவு வருவதால், இரண்டாம் தாளில் எஞ்சிய இடம் வெறுமையாகிறது.

.brf கோப்பைத் திருத்த உட்காராதீர்கள். மூல உரையிலிருந்து, file2brl என்ற பிரெய்ல் மாற்று மென்பொருளால் மீண்டும் மாற்றுங்கள்:

```
file2brl -P -CcellsPerLine=32 -ClinesPerPage=27 -CliteraryTextTable=ta-ta-g1.ctb paadam.txt paadam.brf
```

இயந்திரத்திலும் அதே 32, 27 இருக்க வேண்டும்.

கேள்வி: எழுத்தின் அளவைக் குறைத்தால் வரியில் கூடுதலாக அடங்காதா?

பதில்: அடங்காது. விரல் படிக்கும் அளவு மாறாதது. திரையில் தெரியும் எழுத்துருவுக்கும் தாளில் விழும் புள்ளிக்கும் தொடர்பில்லை.

கேள்வி (தன்னார்வலர்): மூல உரையிலேயே 32 எழுத்துக்கு ஒருமுறை என்டர் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் குழுவில் அப்படித்தான்.

பதில்: 32 என்பது சரி, எண்ணுகிற இடம்தான் தவறு. ‘அம்மா’ அச்சில் மூன்று எழுத்து. பிரெய்லில் அ, புள்ளிக்குறி, ம, ம, ஆ என ஐந்து கட்டம். புள்ளிக்குறி மெய்க்கு முன்னால் வரும். கோப்பில் இப்படித் தெரியும்:

```
A@MM>
```

ஆகவே நீங்கள் எண்ணி உடைத்த வரி மாற்றியபின் நீண்டுவிடும். முதல் கேள்வியில் வந்த துண்டு வரி திரும்ப முளைக்கும். பத்தியின் முடிவில் மட்டும் என்டர் இருக்கட்டும், வரியை மென்பொருள் உடைக்கட்டும். பி.டி.எஃப்.-இலிருந்து எடுத்த உரையில் வரிதோறும் என்டர் ஒட்டிக்கொண்டு வரும். வேர்டில் முதலில் `^p^p`-ஐ `##` ஆக்குங்கள், பிறகு `^p`-ஐ இடைவெளியாக்குங்கள், கடைசியில் `##`-ஐ `^p` ஆக்குங்கள். பத்திகளுக்கு இடையே வெற்று வரி இல்லாத உரைக்கு இது உதவாது. அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: கிரேடு 2 சுருக்கம் போட்டால் தமிழ்ப் புத்தகம் மெலியுமா? என் மகன் ஆங்கிலத்தில் அதைத்தான் படிக்கிறான்.

பதில்: `the` என்பதை ஒரே கட்டத்தில் அடக்கும் சுருக்கங்கள் ஆங்கிலத்துக்கானவை. தமிழை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறையில் எழுத்துக்கு எழுத்தாகத்தான் அச்சிடுகிறோம். அதில் மெலிய இடமில்லை. தனி ஆங்கில நூலுக்குக் கட்டளையில் `ta-ta-g1.ctb` உள்ள இடத்தில் `en-ueb-g2.ctb` தாராளமாகப் போடலாம், உங்கள் மகனைப் போல அதைக் கற்றவர்களுக்கு. புதிதாகப் படிப்பவர்களுக்கு `en-ueb-g1.ctb`.

கேள்வி (ஆசிரியை): தமிழ்ப் பாடத்தின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களுக்கு?

பதில்: நான் சுருக்காமல் விடுகிறேன். சுருக்கமே வேகம் என்று வாதிடும் வாசகர்களும் உண்டு. உங்கள் மாணவர்களிடம் ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் அச்சிட்டுக் கொடுத்துக் கேளுங்கள்.