கொலுசு படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், ரீல்ஸுக்கு வசன வரி: எப்படி எழுதுவது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசு வியாபாரம். இன்ஸ்டாகிராமிலும் விற்கிறோம். "படம்னு மட்டும்தான் என் போன் சொல்லுது, கொலுசு எப்படி இருக்குன்னு தெரியல" என்று பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். காது கேளாத இன்னொருவர், ரீல்ஸில் என்ன பேசுகிறோம் என்று கேட்கிறார். என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் படம். பார்வையில்லாதவர்களின் போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் விவரம், நீங்கள் எழுதாவிட்டால் இன்ஸ்டாகிராம் தானாக ஊகித்து, "நகையின் படமாக இருக்கலாம்" என்ற அளவில் ஏதாவது சொல்லும். அதை வைத்து யாரும் கொலுசு வாங்க முடியாது.

பதிவு போடும் கடைசித் திரையில் `Advanced settings` அல்லது `More options` உள்ளே `Write alt text` இருக்கும். பழைய பதிவுக்கு, மூன்று புள்ளியைத் தொட்டு `Edit` போனால் படத்தின் மேலேயே `Edit alt text` வரும்.

அங்கே எழுத வேண்டியது கையில் எடுத்துப் பார்ப்பவர் கவனிக்கும் விஷயங்களை. உதாரணமாக:

"வெள்ளிப் பட்டைக் கொலுசு ஒரு ஜோடி. பட்டை சுமார் அரை அங்குல அகலம். நடுவில் மாங்காய் வேலைப்பாடு, அதில் சிவப்பு எனாமல். கீழ் ஓரம் முழுக்கச் சிறு சலங்கைகள். திருகுப் பூட்டு."

"அழகான கொலுசு" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "இது ஒரு படம்" என்றும் தொடங்க வேண்டாம், படம் என்பதை போனே சொல்லிவிடும். ஒரே பதிவில் நான்கு படம் இருந்தால் நான்குக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பூட்டை மட்டும் நெருக்கி எடுத்த படத்துக்குப் பூட்டைப் பற்றி எழுதினால் போதும்.

எடை, நீளம், விலை மூன்றையும் படத்தின் மேல் எழுதிவிட்டு நிறுத்துவதுதான் நிறையக் கடைகள் செய்யும் தவறு. அது டாக்பேக்குக்குச் சரியாகக் கிடைக்காது. ஆல்ட் டெக்ஸ்ட்டில் மட்டும் போட்டாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பதிவின் கீழே சாதாரண எழுத்தில் போடுங்கள், எல்லோருக்கும் கிடைக்கும். அந்த இடத்தில் அலங்கார எழுத்து வேண்டாம். வளைத்தும் தடித்தும் காட்டும் அந்த ஆங்கில எழுத்துகள் உண்மையில் கணிதக் குறிகள். டாக்பேக் அவற்றைத் தாண்டிப் போகும், அல்லது ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் படிக்கும். ஐந்து நட்சத்திர எமோஜி போட்டால் ஐந்தின் பெயரையும் கேட்டு முடித்த பிறகுதான் விலை காதில் விழும். ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிதாக இருக்கட்டும்: `#SalemSilverKolusu`.

இனி ரீல்ஸ். பேசுவதை எழுத்தாக்கும் வசதியை நம்பி அப்படியே வெளியிட வேண்டாம். அது எண்களில் தவறினால் வாங்குபவருக்குத் தப்பான எடை போய்ச் சேரும். பேசியதை வரி வரியாக நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் வேண்டாம். நிதானமாகப் படித்து முடிக்கும் வரை அந்த வரி நிற்க வேண்டும். வெள்ளி மேல் வெள்ளை எழுத்து தெரியாது, எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். திரையின் அடிப்பகுதியில் கணக்குப் பெயர் வந்து மறைக்கும், அதனால் வரிகளைக் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள்.

சில எடிட்டிங் ஆப்களில் தமிழ் எழுத்து உடையும். உங்களுக்கு அதைக் கண்டுபிடிப்பது சுலபம், "கொலுசு" என்று அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறினாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ வேறு எழுத்துரு எடுங்கள்.

கொலுசு விற்பவர்கள் விட்டுவிடக் கூடாத இன்னொன்று, ஒலி. சலங்கை ஒலிக்கிறதா, எவ்வளவு ஒலிக்கிறது என்பதும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான். பேச்சில்லாத இடத்தில் அதையும் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். அதே வீடியோவை யூடியூபிலும் போட்டால் வரிகளைத் தனிக் கோப்பாகக் கொடுக்கலாம்:

```
1
00:00:00,500 --> 00:00:04,000
இந்த ஜோடி 62 கிராம்,
நீளம் 10 அங்குலம்.

2
00:00:04,200 --> 00:00:06,500
[சலங்கை மெல்ல ஒலிக்கிறது]
```

கோப்பின் பெயர் `.srt` என்று முடிய வேண்டும். சேமிக்கும்போது `UTF-8` தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும்.

போட்டதும் நீங்களே ஒருமுறை சோதியுங்கள். ஆண்ட்ராய்டு போனின் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக் இருக்கும். அதை இயக்கும் முன், ஒலியளவு பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தி அணைக்கும் குறுக்குவழியைப் போட்டுக்கொள்ளுங்கள். டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு தேர்வு மட்டுமே செய்யும், திறக்க இரண்டு தட்டு வேண்டும், புதிதாகப் பயன்படுத்துபவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்தைப் படிக்காமல் தாண்டினால் தமிழ்க் குரல் போனில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் உங்கள் பதிவைக் கேளுங்கள். பூட்டு எந்த வகை, எடை எவ்வளவு, என்ன விலை என்ற மூன்றும் காதில் விழுந்தால் சரி.

பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டியதில்லை. இப்போது கையிருப்பில் உள்ள கொலுசுகளின் பதிவுகளை மட்டும் முதலில் எடுங்கள்.